இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் இந்தப் பாடத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு ஒரே கணக்கை வைத்துப் பதில் சொல்லப் போகிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்கறிக் கடையில் ஒரு நாள் 2 கிலோ தக்காளி, 3 கிலோ வெங்காயம் வாங்கியதற்கு 190 ரூபாய் பில். மறுநாள் அதே கடையில், அதே விலையில், 3 கிலோ தக்காளி, 1 கிலோ வெங்காயம் வாங்கியதற்கு 145 ரூபாய். பில்லில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது. ஒரு கிலோ தக்காளி x ரூபாய், ஒரு கிலோ வெங்காயம் y ரூபாய் என்று வைத்துக்கொண்டால்:

2x + 3y = 190 (முதல் பில்)
3x + y = 145 (இரண்டாம் பில்)

முதல் பில்லை மட்டும் வைத்தே விலையைக் கண்டுபிடிக்க முடியாதா? எதற்கு இரண்டு சமன்பாடு?

முடியாது. தக்காளி 50, வெங்காயம் 30 என்றாலும் 100 + 90 = 190 வருகிறது. தக்காளி 20, வெங்காயம் 50 என்றாலும் 40 + 150 = 190. தக்காளி 80, வெங்காயம் 10 என்றாலும் சரியாக வருகிறது. தக்காளி விலை 3 ரூபாய் ஏறி வெங்காயம் விலை 2 ரூபாய் இறங்கினால் மொத்தம் அப்படியே இருக்கும். அதனால் முதல் பில்லுக்குப் பொருந்தும் விலைச் சோடிகளுக்குக் கணக்கே இல்லை.

இரண்டாம் பில் இந்தச் சோடிகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது. (50, 30) என்றால் இரண்டாம் பில் 180 ஆகியிருக்க வேண்டும். (20, 50) என்றால் 110. இரண்டுமே 145 இல்லை. இரண்டு பில்லுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் சோடியைத்தான் தேடுகிறோம்.

ஒரு சமன்பாட்டோடு இன்னொரு சமன்பாட்டைக் கூட்டலாம், கழிக்கலாம் என்கிறார்கள். வேறு வேறு சமன்பாட்டை எந்த நியாயத்தில் கூட்டுவது?

இது நல்ல சந்தேகம். பலர் இதைக் கேட்காமலே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இடது தட்டில் x என்று எழுதிய பை இரண்டு, y என்று எழுதிய பை மூன்று. வலது தட்டில் 190 கிராம் எடைக்கல். முள் நடுவில் நிற்கிறது. இதுதான் முதல் சமன்பாடு. ஒரு ரூபாயை ஒரு கிராமாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சமமாக நிற்கும் தராசில் இரண்டு தட்டிலும் ஒரே எடையைச் சேர்த்தால் முள் அசையாது. இப்போது இரண்டாம் சமன்பாடு என்ன சொல்கிறது? மூன்று x பையும் ஒரு y பையும் சேர்ந்தால் 145 கிராம் என்கிறது. ஆகவே இடது தட்டில் அந்த நான்கு பைகளையும், வலது தட்டில் 145 கிராம் கல்லையும் வைக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே எடையைத்தான் சேர்க்கிறோம். பார்க்க வேறு வேறாக இருந்தாலும் எடை ஒன்றுதான். தராசு இப்போது 5x + 4y = 335 என்று காட்டும். கழிப்பதும் இப்படித்தான்: இரண்டு தட்டிலிருந்தும் ஒரே எடையை எடுக்கிறோம்.

சரி, கூட்டிவிட்டேன். 5x + 4y = 335 என்று வந்தது. இதனால் என்ன பயன்?

பயன் எதுவும் இல்லை. சமன்பாடு உண்மைதான், ஆனால் அதிலும் இரண்டு தெரியாத விலைகள் இருக்கின்றன. கூட்டுவதும் கழிப்பதும் செல்லும் என்பது ஒரு விஷயம். எதைக் கழித்தால் ஒரு மாறி காணாமல் போகும் என்பது வேறு விஷயம். நீக்கல் முறை என்பது அந்த இரண்டாவது விஷயம்தான்.

முதல் பில்லில் 3y இருக்கிறது, இரண்டாம் பில்லில் வெறும் y. இரண்டாம் நாள் வாங்கியதை அப்படியே மூன்று தடவை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 9 கிலோ தக்காளி, 3 கிலோ வெங்காயம், 435 ரூபாய். இப்போது இரண்டு பில்லிலும் வெங்காயம் 3 கிலோ. அப்படியானால் பில் தொகையில் உள்ள வித்தியாசம் முழுவதும் தக்காளியால் வந்ததுதான்.

9x + 3y = 435
2x + 3y = 190
கழித்தால் 7x = 245, x = 35

x = 35 என்பதை இரண்டாம் பில்லில் போட்டால் 105 + y = 145, y = 40. தக்காளி 35 ரூபாய், வெங்காயம் 40 ரூபாய்.

பெருக்கும்போது 435 என்று எழுத வேண்டிய இடத்தில் 145 என்றே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். இடது தட்டில் மட்டும் மூன்று மடங்கு வைத்தால் தராசு சாய்ந்துவிடும். அப்படிச் செய்தால் 7x = −45 என்று வரும். தக்காளி விலை கழித்தல் குறியில் வந்தால் பெருக்கிய வரியைத்தான் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பிரதியிடல் முறை, நீக்கல் முறை, இரண்டில் எதைப் போட வேண்டும்?

கேள்வியில் முறையைக் குறிப்பிட்டிருந்தால் அதையே போடுங்கள். குறிப்பிடவில்லை என்றால் கெழுக்களைப் பாருங்கள். ஏதாவது ஒரு மாறியின் கெழு 1 அல்லது −1 ஆக இருந்தால் பிரதியிடல் சுலபம். நம் கணக்கில் இரண்டாம் பில்லிலிருந்து y = 145 − 3x என்று உடனே எழுதலாம். அதை முதல் பில்லில் போட்டால்:

2x + 3(145 − 3x) = 190
2x + 435 − 9x = 190
−7x = −245, x = 35

கெழு எதுவும் 1 அல்லது −1 இல்லை என்றால் பிரதியிடலில் பெரும்பாலும் முதல் வரியிலேயே பின்னம் வந்துவிடும். அப்போது நீக்கல் முறை நல்லது. இரண்டும் அடிப்படையில் வேறு வேறு வழிகள் இல்லை. மேலே 435 − 190 = 245 என்ற அதே கணக்கு இங்கேயும் நடந்திருப்பதைக் கவனியுங்கள்.

பிரதியிட்டுப் பார்த்தேன், 145 = 145 என்று வந்துவிட்டது. அப்படியென்றால் முடிவில்லாத தீர்வுகளா?

இல்லை. y = 145 − 3x என்பதை எந்தச் சமன்பாட்டிலிருந்து எடுத்தீர்களோ, அதிலேயே திரும்பப் போட்டிருக்கிறீர்கள். 3x + (145 − 3x) = 145 என்றால் எந்த x-க்கும் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டாம் பில்லிடம் இரண்டாம் பில்லைப் பற்றியே கேட்டிருக்கிறோம். முதல் பில் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. ஒன்றிலிருந்து எடுத்ததை மற்றொன்றில் போட வேண்டும்.

உண்மையிலேயே முடிவில்லாத தீர்வுகள் இருக்கும் நிலை ஒன்றும் உண்டு. அது பின்னால் வருகிறது.

வரைபடத்தில் இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் விடை என்கிறார்களே, ஏன்?

முதல் கேள்வியில் பார்த்த சோடிகளை வரைபடத் தாளில் குறியுங்கள்: (20, 50), (50, 30), (80, 10). மூன்றும் ஒரே நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் முதல் பில்லுக்குப் பொருந்தும் ஒரு விலைச் சோடி. கோட்டில் இல்லாத எந்தப் புள்ளியும் பொருந்தாது. அதே மாதிரி இரண்டாம் பில்லுக்கு (25, 70), (30, 55), (45, 10) ஆகிய புள்ளிகளைக் குறித்து இணையுங்கள். இரண்டு கோடும் (35, 40)-இல் வெட்டும். அந்தப் புள்ளி இரண்டு கோட்டிலும் இருப்பதால் இரண்டு பில்லுக்கும் பொருந்துகிறது.

ஒரு கோடு வரைய இரண்டு புள்ளி போதும். ஆனாலும் மூன்றாவது ஒன்றைக் கணக்கிட்டுக் குறிப்பது நல்லது. மூன்றும் ஒரே கோட்டில் விழவில்லை என்றால் எங்கோ கூட்டலில் தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். புள்ளிகளை நெருக்கமாக எடுக்காதீர்கள். அளவுகோல் கொஞ்சம் பிசகினாலும் கோடு வேறு பக்கம் போய்விடும்.

நீக்கல் முறையில் கழித்துக்கொண்டே போகிறோமே, அப்போது வரைபடத்தில் என்ன நடக்கிறது?

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பயனில்லை என்று ஒதுக்கிய 5x + 4y = 335 என்ற சமன்பாட்டை அதே வரைபடத்தில் வரைந்து பாருங்கள். (15, 65), (55, 15) இரண்டும் அதில் இருக்கும் புள்ளிகள். கோடு புதிது, சாய்வு வேறு. ஆனால் அது சரியாக (35, 40) வழியாகப் போகும். இரண்டு சமன்பாட்டையும் எந்த எண்ணால் பெருக்கிக் கூட்டினாலும் கழித்தாலும் கிடைக்கும் கோடு அந்தப் புள்ளி வழியாகத்தான் போகும். காரணம் தராசில் பார்த்ததுதான்: x = 35, y = 40 என்னும்போது இரண்டு தராசும் சமமாக நிற்கின்றன, அவற்றைச் சேர்த்த தராசும் சமமாகத்தான் நிற்கும்.

ஒவ்வொரு கூட்டலும் கழித்தலும், வெட்டும் புள்ளியைப் பிடித்துக்கொண்டு கோட்டைச் சுழற்றுகிறது. சாய்வாக நிற்கும் கோட்டிலிருந்து விலையைப் படிக்க முடியாது. 7x = 245, அதாவது x = 35 என்பது செங்குத்துக் கோடு. அதைப் பார்த்ததும் தக்காளி விலை தெரிகிறது. முதல் பில்லை 3-ஆலும் இரண்டாம் பில்லை 2-ஆலும் பெருக்கிக் கழித்தால் 7y = 280, y = 40 என்ற படுத்திருக்கும் கோடு கிடைக்கும். எந்த எண்ணால் பெருக்குவது என்று தேடும்போது, கோட்டை நிமிர்த்தவோ படுக்க வைக்கவோ சரியான அளவைத்தான் தேடுகிறோம்.

வேண்டுமானால் ஐந்து கோட்டையும் ஐந்து நிறத்தில் ஒரே தாளில் வரையுங்கள். ஐந்தும் ஒரே புள்ளியில் குறுக்கிடும்.

கழிக்கும்போது எனக்குக் குறிதான் மாறிப்போகிறது. அதோடு −2y என்பதைத் தராசில் எப்படி வைப்பது?

ஒரு உதாரணம்: 5x − 2y = 11, 3x − 2y = 5. கழிக்கும்போது பலர் −2y − 2y = −4y என்று எழுதிவிடுகிறார்கள். கழிப்பது −2y என்பதை. −2y − (−2y) = 0. ஆகவே 2x = 6, x = 3. பிறகு 15 − 2y = 11, y = 2.

தராசில் −2y பையை வைக்க முடியாது, உண்மைதான். ஆனால் இரண்டு தட்டிலும் இரண்டு y பையைச் சேர்க்கலாம். அப்போது 5x = 11 + 2y என்று ஆகிறது. இடது தட்டில் ஐந்து x பை, வலது தட்டில் 11 கிராம் கல்லும் இரண்டு y பையும். இப்படி எழுதினால் தராசில் வைக்கலாம். விடையே கழித்தல் எண்ணாக வரும் கணக்குகளில் மட்டும் தராசு உதவாது, கழித்தல் எடை கொண்ட பை கிடையாதே. அங்கே விதி அப்படியே செல்லும், படம் மட்டும் நின்றுவிடும். வரைபடத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

குறித் தவறு அடிக்கடி வருபவர்களுக்கு ஒரு வழி: கழிக்கவே கழிக்காதீர்கள். இரண்டாம் சமன்பாட்டை −1 ஆல் பெருக்கி முழுவதையும் புதிய வரியில் எழுதிவிட்டு, பிறகு கூட்டுங்கள். ஒரு வரி கூடும், தவறு குறையும்.

x, y இரண்டுமே காணாமல் போய் 0 = 0 என்று வந்தால்? சில சமயம் 0 = 10 என்றும் வருகிறதே?

மறுநாள் 4 கிலோ தக்காளியும் 6 கிலோ வெங்காயமும் வாங்கி 380 ரூபாய் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். 4x + 6y = 380. இது முதல் பில்லையே இரண்டு தடவை எழுதியதுதான், புதிய செய்தி எதுவும் இல்லை. முதல் பில்லை 2-ஆல் பெருக்கிக் கழித்தால் 0 = 0. வரைபடத்தில் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும். முடிவில்லாத தீர்வுகள் என்று சொல்வது இந்த நிலையைத்தான். அதற்காக எந்த எண்ணைப் போட்டாலும் விடை என்று நினைத்துவிடாதீர்கள். (50, 30) தீர்வு, (10, 10) தீர்வு இல்லை. அந்தக் கோட்டில் இருக்கும் புள்ளிகள் மட்டும்தான் தீர்வுகள்.

அதே பொருள்களுக்கு 370 ரூபாய் பில் என்றால் 4x + 6y = 370. இப்போது கழித்தால் 0 = 10. இரட்டிப்பாக வாங்கினால் 380 ஆக வேண்டும், ஆனால் 10 ரூபாய் குறைகிறது. கடைக்காரர் நிறைய வாங்கியதற்காகக் குறைத்துக் கொடுத்திருக்கலாம், விலை மாறியிருக்கலாம். எப்படியும் இரண்டு நாளும் ஒரே விலை என்ற நம் கூற்று பொருந்தவில்லை. வரைபடத்தில் இரண்டு கோடும் இணையாகப் போகும், வெட்டவே வெட்டாது. தீர்வு இல்லை.

தீர்ப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். x-இன் கெழுக்களின் விகிதமும் y-இன் கெழுக்களின் விகிதமும் சமமா என்று பாருங்கள். இங்கே 2/4, 3/6, இரண்டும் பாதி. சமம் என்றால் ஒரே ஒரு தீர்வு கிடைக்காது. மாறிலிகளின் விகிதமும் அதுவே என்றால் (190/380) ஒரே கோடு, வேறு என்றால் (190/370) இணைகோடுகள்.

9x + 7y = 107, 7x + 9y = 101 மாதிரி கெழுக்கள் இடம் மாறி வந்தால் பெரிய பெரிய எண்ணாகப் பெருக்க வேண்டியிருக்கிறது. குறுக்கு வழி உண்டா?

உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் எண்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் வயது. கி.பி. 850 வாக்கில் கன்னட நாட்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த கணித அறிஞர் மகாவீரர் தம் கணித சார சங்கிரகத்தில் இதைக் கடைக் கணக்காகவே தருகிறார்: 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் 107, 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் 101, ஒவ்வொன்றின் விலை என்ன?

முதலில் கூட்டுங்கள்: 16x + 16y = 208, ஆக x + y = 13. பிறகு கழியுங்கள்: 2x − 2y = 6, ஆக x − y = 3. இந்த இரண்டையும் கூட்டினால் 2x = 16, x = 8, y = 5. முதலில் கூட்டியபோது பயனில்லாமல் போனது நினைவிருக்கும். இங்கே கெழுக்கள் இடம் மாறி இருப்பதால் கூட்டினால் இரண்டு கெழுவும் சமமாகிவிடுகின்றன, 16-ஆல் வகுத்துச் சின்ன எண்ணாக்க முடிகிறது.

விடையைச் சரிபார்க்க ஏதாவது ஒரு சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் போதாதா?

போதாது. x-ஐ எப்படியோ தவறாக 38 என்று கண்டுபிடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதை இரண்டாம் பில்லில் போட்டு y = 145 − 114 = 31 என்று எடுக்கிறீர்கள். இப்போது இரண்டாம் பில்லிலேயே சரிபார்த்தால் 114 + 31 = 145, சரியாகத்தான் வரும். y-ஐ அப்படி வரும்படிதானே எடுத்தோம். முதல் பில்லில் போட்டால் 76 + 93 = 169. 190 வரவில்லை, தவறு பிடிபட்டது. 145 = 145 வந்த கேள்வியில் நடந்ததும் இதே குழப்பம்தான்.

கேள்வியில் கொடுத்த சமன்பாடுகளில் போட வேண்டும், நீங்கள் பெருக்கி எழுதிய வரிகளில் போடக் கூடாது. பெருக்கியதே தவறாக இருந்தால் அந்த வரி அதைக் காட்டிக்கொடுக்காது.

பில்லில் ஒரு ரூபாய் கூட்டிக் குறைத்துப் போட்டிருந்தால் விடை எவ்வளவு மாறும்? ஒரு ரூபாய்தானே?

அது எந்த இரண்டு பில் என்பதைப் பொறுத்தது. நம் இரண்டாம் பில் 145-க்குப் பதில் 146 என்று இருந்தால் 7x = 248 என்று வரும். தக்காளி சுமார் 35.43, வெங்காயம் சுமார் 39.71. பெரிய மாற்றம் இல்லை.

இப்போது அதே 35, 40 ரூபாய் விலையில் ஒரு சின்ன உணவகம் வாங்குகிறது. முதல் நாள் 10 கிலோ தக்காளி, 11 கிலோ வெங்காயம், 790 ரூபாய். மறுநாள் 9 கிலோ, 10 கிலோ, 715 ரூபாய்.

10x + 11y = 790
9x + 10y = 715

முதலாவதை 10-ஆலும் இரண்டாவதை 11-ஆலும் பெருக்கிக் கழித்தால் x = 7900 − 7865 = 35. சரியாக வருகிறது. ஆனால் மறுநாள் பில்லில் 715-க்குப் பதில் 716 என்று இருந்தால் x = 7900 − 7876 = 24, y = 50. பில்லில் ஒரு ரூபாய் மாறியதால் தக்காளி விலை 11 ரூபாய் இறங்கி, வெங்காயம் விலை 10 ரூபாய் ஏறிவிட்டது. கணக்கில் எங்கும் தவறு இல்லை, இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்தாலும் சரியாகவே இருக்கும்.

காரணத்தை வரைபடம் காட்டும். இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வாங்கியிருப்பதால் இரண்டு கோடும் ஏறக்குறைய இணை. x = 0 என்ற இடத்தில் ஒரு கோடு 71.8 உயரத்திலும் மற்றது 71.5 உயரத்திலும் இருக்கும். 1 செ.மீ.க்கு 10 ரூபாய் என்று அளவு எடுத்தால் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும். இப்படிப்பட்ட கோடுகளில் ஒன்றை இம்மி நகர்த்தினாலும் வெட்டும் புள்ளி வெகுதூரம் ஓடிவிடும். தேர்வுக் கணக்கில் எண்கள் துல்லியமாகத் தரப்படுவதால் இது தொந்தரவு செய்யாது. உண்மையான பில்களை வைத்து விலை கண்டுபிடிக்க வேண்டுமென்றால், ஒரு நாள் தக்காளி அதிகமாகவும் இன்னொரு நாள் வெங்காயம் அதிகமாகவும் வாங்கிய பில்களைத் தேர்ந்தெடுங்கள். அப்போது கோடுகள் அகலமான கோணத்தில் வெட்டும், ஒரு ரூபாய்ப் பிசகு விடையிலும் ஏறக்குறைய அந்த அளவிலேயே நிற்கும்.